பள்ளி முதல்வர் பணி நேர்காணல்

தலைவர்: உட்காருங்கள் மேடம். நேராகவே கேட்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் எல்லார் முன்னாலும் ஆசிரியரை எதிர்த்துப் பேசிவிட்டான். என்ன செய்வீர்கள்?

விண்ணப்பதாரர்: முதலில் பாடம் நிற்கக் கூடாது, சார். சூடு தணிந்ததும் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்பேன். தவறு அவனுடையது என்றால் விளைவு உண்டு. அடியோ அவமானப்படுத்துவதோ கிடையாது. அப்புறம் பதிவேட்டைப் புரட்டுவேன். ஒரே பாடவேளையில் திரும்பத் திரும்பச் சண்டை என்றால், கோளாறு பையனிடம் மட்டும் இல்லை.

செயலாளர்: அவன் அப்பா நம் பெரிய நன்கொடையாளர் என்றால்?

விண்ணப்பதாரர்: விதி அதேதான். ஆனால் அவர் எனக்கு போன் செய்ய மாட்டார், உங்களுக்குத்தான் செய்வார். ‘முதல்வரைப் பாருங்கள்’ என்று நீங்கள் சொன்னால் போதும்.

(சிரிப்பு)

உறுப்பினர்: மற்ற பெற்றோர்கள்? வாட்ஸ்அப் குழுவில் தினமும் புகார்.

விண்ணப்பதாரர்: குழுவில் வாதாடுவதில்லை. புகார் சொன்னவரை அன்றைக்கே அழைத்துப் பேசுவேன். பிள்ளை நன்றாகச் செய்ததைச் சொல்லவும் வகுப்பாசிரியர் போன் செய்ய வேண்டும். பள்ளி எண்ணைப் பார்த்ததுமே பெற்றோர் பதறுவது எனக்குப் பிடிக்காது.

தலைவர்: ஆசிரியர்களை எப்படி வளர்ப்பீர்கள்? பயிற்சி முகாமா?

விண்ணப்பதாரர்: முகாம் ஒரு நாளோடு போய்விடும். நான் வகுப்பில் பதினைந்து நிமிடம் உட்காருவேன், மதிப்பெண் போட அல்ல. உதாரணமாக, கேள்வி கேட்டதும் ஆசிரியரே பதில் சொல்லிவிடுகிறாரா? ‘அடுத்த வாரம் ஐந்து நொடி பொறுத்துப் பாருங்கள்’ என்பேன். அந்த ஒன்று மட்டும். பிறகு மீண்டும் போய்ப் பார்ப்பேன்.

செயலாளர்: முன்னேறாதவர்?

விண்ணப்பதாரர்: ஒரு பருவம் துணை நிற்பேன், எழுத்தில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் உங்களிடம் வருவேன். சரி, எனக்கும் ஒரு கேள்வி: ஆசிரியர் நியமனத்தில் இறுதி முடிவு யாருடையது?