மாதிரி அளவு 362: கணக்கு விளக்கக் குறிப்பு

பெறுநர்: ஆய்வுக் குழு உறுப்பினர்கள்
பொருள்: மாணவர்களின் நூலகப் பயன்பாட்டுக் கருத்தாய்வு

சென்ற கூட்டத்தில், "6,200 மாணவர்களில் 362 பேர்தானா? 6 சதவீதம்கூட இல்லையே?" என்று ஒரு கேள்வி வந்தது. நியாயமான சந்தேகம். ஆனால் மாதிரியின் துல்லியம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் பேரைக் கேட்கிறோம் என்பதைவிட, எத்தனை பேரைக் கேட்கிறோம் என்பதையே பெரிதும் பொறுத்தது. மாணவர்கள் 62,000 பேராக இருந்தாலும் 382 பேர் போதும். பத்து மடங்குக்குக் கூடுதலாக வெறும் 20 பேர்!

கணக்கு இதுதான். முதல் வரி மொத்த எண்ணிக்கையைப் பார்க்காமல் வரும் அளவு; இரண்டாவது வரி அதை 6,200 பேருக்கு ஏற்பத் திருத்துகிறது:

```
n0 = 1.96² × 0.5 × 0.5 / 0.05² = 384.16
n  = 384.16 / (1 + 383.16/6200) ≈ 362
```

0.05 என்பது பிழை வரம்பு. வாரம் ஒருமுறையாவது நூலகம் வருவதாக 60 சதவீதம் பேர் சொன்னால், உண்மை நிலவரத்தை 55க்கும் 65க்கும் இடையே மதிப்பிடுவோம். 1.96 என்பது 95 சதவீத நம்பிக்கை நிலைக்கு உரிய எண். இதே முறையில் நூறு தடவை புதுப்புது மாதிரி எடுத்தால், ஏறக்குறைய 95 தடவை அந்தந்த மாதிரி தரும் இடைவெளிக்குள் உண்மை அகப்படும். நம்முடைய ஒரே மாதிரி மீதி ஐந்தில் ஒன்றாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

0.5, அதாவது பாதிப் பேர் 'வருகிறேன்' என்பார்கள் என்ற விகிதம், வேண்டுமென்றே வைத்தது; மாதிரி அளவு மிகப் பெரிதாக வருவது அப்போதுதான். முன்னோட்டத்தில் 40 பேரில் 28 பேர் 'வருகிறேன்' என்றார்கள். அந்த 70 சதவீதத்தை வைத்தால் மாதிரி இன்னும் குறையும். ஆனால் அந்த 40 பேரும் நூலக வாசலில் பிடித்தவர்கள். அங்கே வேறு என்ன பதில் வரும்?

பிழை வரம்பை 3 ஆகக் குறைத்தால் 911 பேர் வேண்டும். நம்பிக்கை நிலையை 99 ஆக உயர்த்தினால் 600 பேர். கிடைக்கப்போகும் முடிவு நூலக நேரத்தை நீட்டிக்கலாமா என்பதற்கு மட்டும்தான். அதற்கு இவ்வளவு துல்லியம் தேவையில்லை என்பது என் கருத்து.

அழைப்பு 483 பேருக்குப் போகும். நால்வரில் மூவர் பதில் தருவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பெயர்கள் சேர்க்கைப் பட்டியலிலிருந்து சமவாய்ப்பு முறையில் எடுக்கப்படும். ஆனால் பதில் தராதவர்கள் நூலகப் பக்கமே வராதவர்களாக இருந்தால், அந்தச் சாய்வை ±5 காட்டாது. அதனால் இரண்டு நினைவூட்டல்கள், அப்புறம் தொலைபேசி அழைப்பு.

ஒன்று மட்டும் இப்போதே முடிவாக வேண்டும். 362 பேர் என்பது மொத்த முடிவுக்கான எண். நான்கு ஆண்டு மாணவர்களையும் தனித்தனியே பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 90 பேர்தான் வருவார்கள்; பிழை வரம்பு 10 புள்ளிக்குப் போய்விடும். ஒவ்வொரு ஆண்டுக்கும் ±5 வேண்டுமானால் 309 வீதம் 1,236 பேரின் பதில் தேவை, அழைப்பு 1,648. ஆண்டுவாரி ஒப்பீடு தேவையா என்பதைப் பட்டியல் எடுப்பதற்கு முன் தெரிவித்துவிடுங்கள்.

— ஆய்வு ஒருங்கிணைப்பாளர்