மாதிரி நேர்காணல் வீடியோ: பம்ப் கம்பெனியில் தர ஆய்வாளர் பயிற்சி வேலை

(கோவை. சின்ன அறை, மேசை மேல் தண்ணீர், ஒரு ஃபைல். தினேஷ் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர். கதவருகே நிற்கிறார்.)

தினேஷ்: மே ஐ கம் இன் சார்?

தேர்வாளர்: வாங்க தினேஷ், உட்காருங்க. பஸ் கிடைச்சுதா?

தினேஷ்: எஸ் சார். கிடைச்சுது சார். சீக்கிரமே வந்துட்டேன் சார்.

தேர்வாளர்: தண்ணி குடிங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க.

தினேஷ்: (ஒரே மூச்சில்) மை நேம் இஸ் தினேஷ், ஐ ஆம் ஃப்ரம் பொள்ளாச்சி, மை ஃபாதர் இஸ் எ... எ... சாரி சார்.

(படம் உறைகிறது.)

குரல்: மனப்பாடம் செய்த ஆங்கிலம் பாதியில் நின்றுவிட்டது. அப்பாவின் வேலையை யாரும் கேட்கவில்லை. கேள்வி தமிழில் வந்தால் தமிழிலேயே பதில் சொல்லலாம். படிப்பு, கையால் செய்த ஒரு வேலை, இந்த வேலைக்கு வந்த காரணம், இவ்வளவு போதும். வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

(மறுபடி.)

தினேஷ்: டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன் சார். இன்ப்ளான்ட் ட்ரெய்னிங்ல லேத்ல கடைஞ்ச ஷாஃப்டை அளந்து ரிஜிஸ்டர்ல எழுதுவேன். அளக்கிற வேலை பிடிச்சுது. அதான் இதுக்கு அப்ளை பண்ணினேன்.

தேர்வாளர்: நல்லது. 20 மி.மீ. ஷாஃப்ட், டாலரன்ஸ் பிளஸ் ஆர் மைனஸ் 0.02. எதுல அளப்பீங்க?

தினேஷ்: வெர்னியர் சார்! (தயங்கி) இல்ல... மைக்ரோமீட்டர்... தெரியல சார்.

(உறைகிறது.)

குரல்: இரண்டாவதாகச் சொன்னது சரி. ஆனால் காரணம் சொல்லாததால் ஊகம் போலத் தெரிகிறது. தேர்வாளர் பேசாமல் இருந்தால் பதில் தப்பு என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் அவர் எழுதிக்கொண்டிருப்பார். யோசிக்க நேரம் கேட்கலாம், தப்பே இல்லை.

(மறுபடி.)

தினேஷ்: ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன் சார்... மைக்ரோமீட்டர். நாங்க பயன்படுத்தின வெர்னியரோட லீஸ்ட் கவுன்ட்டே 0.02. டாலரன்ஸும் அதே அளவு, அதனால நம்ப முடியாது. மைக்ரோமீட்டர் 0.01 காட்டும். முதல்ல ஜீரோ எரர் பார்த்துக்குவேன்.

தேர்வாளர்: (எழுதியபடி) ம். ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு அரியர் இருந்திருக்கே?

தினேஷ்: அது... அந்த சார் சரியா நடத்தல சார்.

(உறைகிறது.)

குரல்: இந்த வீடியோவிலேயே மோசமான பதில் இதுதான். நாளைக்கு ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் ஆபரேட்டரைக் கை காட்டுவாரோ என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றிவிடும்.

(மறுபடி.)

தினேஷ்: மேத்ஸ் சார். கடைசி நேரத்துல படிச்சேன், போயிடுச்சு. அடுத்த தடவை கிளியர் பண்ணிட்டேன்.

தேர்வாளர்: சரி. எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?

தினேஷ்: ட்ரெய்னிங்ல எந்த செக்‌ஷன் சார்? நைட் ஷிஃப்ட் உண்டா?

தேர்வாளர்: முதல்ல இன்கமிங் மெட்டீரியல். நைட் ஷிஃப்ட் சுழற்சியில வரும். உங்களுக்குச் சரிதானே?

தினேஷ்: சரி சார்.