தொடக்கநிலை 1, 2 பெற்றோர் கவனத்திற்கு: வகுப்பறையில் திறன்பேசி வேண்டாம்

12 ஜனவரி 2026

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

பள்ளி திறந்ததிலிருந்து வாசலில் என்னைப் பார்க்கும் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளைக்குப் போன் கொடுத்து அனுப்பலாமா?"

அனுப்பலாம். ஆனால் பள்ளிக்குள் வந்ததும் அதை அணைத்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும். பாட நேரம், இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஸ்மார்ட் வாட்சும் இதில் அடக்கம். கல்வி அமைச்சின் வழிகாட்டுதலும் இதுதான். இந்த மாதம் முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் பள்ளி நேரம் முழுக்க இவற்றைப் பயன்படுத்த முடியாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சென்ற ஆண்டு தொடக்கநிலை 2 தமிழ் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சொல்வதெழுதுதல் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் நான்காவது சொல்லைச் சொல்லும்போது ஒரு சிறுமியின் கைக்கடிகாரம் அதிர்ந்தது. "ரொட்டி சாப்பிட்டாயா?" என்று அம்மா கேட்டிருந்தார், அவ்வளவுதான். அவள் குனிந்து படித்தாள், பக்கத்தில் இருந்த இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஐந்தாவது சொல் மூன்று நோட்டிலும் இல்லை. அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. ஏழு வயதில் மணிக்கட்டில் ஒன்று துடித்தால் பார்க்காமல் இருக்க முடியுமா? பெரியவர்கள் நமக்கே முடிவதில்லை.

இடைவேளையும் அப்படித்தான். ஒருவன் கையில் திறன்பேசி இருந்தால் சுற்றி நாலு தலை குனிந்திருக்கும், தட்டில் மீ கோரெங் ஆறிப்போகும். சண்டை போட்டு, சமாதானமாகி, ஓடி விளையாடக் கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். கண்களுக்கும் வெளியே பகல் வெளிச்சத்தில் இருப்பது நல்லது. இங்கே எத்தனை பிள்ளைகள் சிறுவயதிலேயே கண்ணாடி போடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள் பள்ளி வேலை தவிர்த்துத் திரை பார்க்கும் நேரம் நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் பரிந்துரை. அந்தக் கணக்கு வீட்டிலேயே நிரம்பிவிடுகிறது.

பாடத்துக்குத் திரை தேவைப்பட்டால் பள்ளிச் சாதனங்களை ஆசிரியர் முன்னிலையில் பயன்படுத்துவார்கள். அதில் மாற்றம் இல்லை.

விதியை மீறினால் முதல் முறை நினைவூட்டுவோம். அப்புறமும் தொடர்ந்தால் சாதனத்தை அலுவலகத்தில் வைத்திருப்போம்; பெற்றோர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

"தாத்தா கூட்டிப்போக வர நேரமானால் எப்படிச் சொல்வது?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கவலை. பள்ளி அலுவலகத்தை அழையுங்கள், செய்தியை வகுப்புக்கே கொண்டுபோய்ச் சொல்வோம். பிள்ளை உங்களிடம் பேச வேண்டுமென்றால் அலுவலகத் தொலைபேசியில் பேசலாம், காசு வேண்டாம். பராமரிப்பு நிலையத்துக்குப் போகிற பிள்ளைகளின் நேரமாற்றத்தை மட்டும் நண்பகல் 12 மணிக்குள் சொல்லிவிடுங்கள். குடையை மறந்துவிட்டார்களா? வாசலில் காவலரிடம் பெயரும் வகுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
பள்ளி முதல்வர்