புனித ஆறுகளும் மலைகளும்: ஒரு வரைபடப் பாடம்

படிவம் 1, 2 மாணவர்களுக்கு. பினாங்கு வார இறுதித் தமிழ் வகுப்பு. 80 நிமிடம்.

ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ள வேண்டியவை: A4 தாள் ஒன்று, 30 செ.மீ. அடிக்கோல், பென்சில், அழிப்பான், நீலம், பழுப்பு, சிவப்பு வண்ணப் பென்சில்கள்.

1. முதலில் வரைபடம் (25 நிமிடம்)

தாளின் நடுவில் 16 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட பெட்டி ஒன்றை வரையுங்கள். பெட்டியின் இடது ஓரம் கிழக்குத் தீர்க்கரேகை 70 பாகை, வலது ஓரம் 102 பாகை. கீழ் ஓரம் வடக்கு அட்சரேகை 5 பாகை, மேல் ஓரம் 35 பாகை. புவியியல் பாடத்தில் லத்தித்துட், லொங்கித்துட் என்று படித்தவைதாம் இவை. ஒரு பாகைக்கு அரை சென்டிமீட்டர் என்பது நம் அளவு.

ஓர் இடத்தைக் குறிப்பது எளிது. தீர்க்கரேகையிலிருந்து 70-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். இடது ஓரத்திலிருந்து அத்தனை செ.மீ. வலப்பக்கம் செல்லுங்கள். அட்சரேகையிலிருந்து 5-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். கீழ் ஓரத்திலிருந்து அத்தனை செ.மீ. மேலே செல்லுங்கள்.

| இடம் | வடக்கு | கிழக்கு |
|---|---|---|
| கயிலை மலை | 31.1 | 81.3 |
| கோமுகம் | 30.9 | 79.1 |
| தேவப்பிரயாகை | 30.1 | 78.6 |
| காசி | 25.3 | 83.0 |
| புத்தகயா | 24.7 | 85.0 |
| தலைக்காவிரி | 12.4 | 75.5 |
| திருவண்ணாமலை | 12.2 | 79.1 |
| சிவனொளிபாத மலை | 6.8 | 80.5 |
| குனோங் ஜெராய் | 5.8 | 100.4 |

கயிலைக்குக் கணக்கு இப்படி வரும்: வலப்பக்கம் 5.65 செ.மீ., மேலே 13.05 செ.மீ. கணக்கில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போட்டால் புள்ளி தாளுக்கே வெளியே போய்விடும். அப்படி நேர்ந்தால் அழித்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். மலைகளைப் பழுப்பு முக்கோணமாகவும், ஆற்றின் தலைகளை நீலப் புள்ளியாகவும், ஊர்களைச் சிவப்புப் புள்ளியாகவும் குறியுங்கள்.

அடுத்து, குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் நடுக்கோடு போடுங்கள். இடப்பக்கம் “நிலம்”, வலப்பக்கம் “மரபு”. இனிப் படிக்கும் ஒவ்வொரு செய்தியும் ஏதாவது ஒரு பக்கத்தில் சேர வேண்டும். கங்கை பனியாற்றிலிருந்து வருகிறது என்பது நிலம். பகீரதன் தவத்தால் இறங்கி வந்த கங்கையைச் சிவபெருமான் சடையில் தாங்கினார் என்பது மரபு. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. கலந்து எழுதினால் மட்டும் இரண்டுமே குழம்பிவிடும்.

2. கயிலை: நான்கு ஆறுகளின் அக்கம்பக்கம்

கயிலை 6,638 மீட்டர் உயரம். இமயத்தின் முதன்மை முகட்டில் அது இருப்பதாகப் பலரும் வரைகிறார்கள். உண்மையில் அது முகட்டுக்கு வடக்கே, திபெத்தில், தனித் தொடரில் நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள வட்டாரத்திலிருந்து நான்கு ஆறுகள் புறப்படுகின்றன. வடக்கே சிந்து, மேற்கே சட்லெஜ், கிழக்கே பிரம்மபுத்திரா (திபெத்தில் அதன் பெயர் யார்லுங் சாங்போ), தெற்கே கர்ணாலி. சிந்து அரபிக்கடலில் சேர்கிறது, பிரம்மபுத்திரா வங்காள விரிகுடாவில். பக்கத்துப் பக்கத்தில் பிறந்த இரண்டு ஆறுகள் இந்தியத் துணைக்கண்டத்தின் இரு புறமும் சுற்றி இறங்குகின்றன! நான்கு அம்புக்குறிகளை நீலத்தில் போட்டுப் பாருங்கள். இந்த மலையை உலகின் நடுவாக முன்னோர் ஏன் எண்ணினார்கள் என்பது உங்கள் தாளிலேயே தெரியும்.

இந்துக்களுக்கு இது சிவபெருமான் உறையும் இடம். திபெத்தியப் பௌத்தர்களுக்கு இது காங் ரின்போச்சே, தெம்சோக் என்னும் தெய்வ வடிவத்தின் இருப்பிடம். நான்கு ஆறுகளும் சிங்கம், யானை, குதிரை, மயில் ஆகியவற்றின் வாயிலிருந்து பிறப்பதாக அவர்கள் சொல்வார்கள்: சிந்துவுக்குச் சிங்கம், சட்லெஜுக்கு யானை, பிரம்மபுத்திராவுக்குக் குதிரை, கர்ணாலிக்கு மயில். பாலி நூல்கள் கூறும் அனோதத்த ஏரியும் மானசரோவரும் ஒன்றே என்று கருதுவோர் உண்டு. சமணருக்கும், திபெத்தின் பழைய மரபான பொன் என்னும் சமயத்தாருக்கும் இம்மலை புனிதமானது. இந்துக்களும் பௌத்தர்களும் வலமாகச் சுற்றுவார்கள், பொன் சமயத்தார் இடமாகச் சுற்றுவார்கள். சுற்றுப்பாதை ஏறத்தாழ 52 கி.மீ. அதன் உச்சியான தோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியளவுதான். தாழ்வான ஊரிலிருந்து நேரே போய் ஏறுகிறவருக்குத் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரும். வழியில் சில நாள் தங்கி உடலைப் பழக்கிய பிறகே ஏற வேண்டும்.

கயிலையின் பாறையும் பார்க்க வேண்டிய ஒன்று. படத்தில் அதன் முகத்தில் குறுக்கே படிப்படியாகக் கோடுகள் தெரியும். உருண்டைக் கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய படிவுப் பாறை அது. பழைய ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து பரப்பிய கற்கள், பின்னர் உயர்த்தப்பட்டு மலையாக நிற்கின்றன.

இப்போது கயிலைக்கும் கோமுகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 1 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். அந்த அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு பாகை ஏறக்குறைய 95 கி.மீ. என்பதால், இடைவெளி ஏறத்தாழ 210 கி.மீ. இவ்வளவு அருகில் இருப்பதால் “கங்கை மானசரோவரில் பிறக்கிறது” என்று தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இடையில் இமய முகடு நிற்கிறது. அந்த நான்கு ஆறுகளில், முகட்டைக் குடைந்துகொண்டு தெற்கே வந்து கங்கையில் சேர்வது கர்ணாலியின் நீர் மட்டுமே. அதுவும் நேபாளத்தைத் தாண்டி, காக்ரா என்ற பெயரில்.

3. கங்கை: சரிவைக் கணக்கிடுவோம்

கங்கோத்ரி பனியாற்றின் வாயான கோமுகம் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வருவது பாகீரதி. தேவப்பிரயாகையில் அளகநந்தா வந்து சேர்ந்த பிறகே கங்கை என்ற பெயர். சுமார் 250 கி.மீ. ஓடி ஹரித்வாரை அடையும்போது உயரம் 314 மீட்டர். மொத்த நீளம் 2,525 கி.மீ.

மலையில்: (4,000 − 314) ÷ 250, அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 மீட்டர் இறக்கம். சமவெளியில்: 314 ÷ 2,275, அதாவது கிலோமீட்டருக்கு 14 சென்டிமீட்டர் மட்டுமே. விடை 1.4 அல்லது 140 என்று வந்தால் மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றுவதில் பிழை. இந்த ஒரு கணக்கில் கங்கைச் சமவெளியின் கதை பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. வேகம் குறைந்ததும் ஆறு சுமந்து வந்த மண்ணைப் போடுகிறது. அதுவே வண்டல், அதுவே விளைச்சல். அதே மெதுவான ஓட்டத்தால் வெள்ளம் பரவி நிற்கும், ஊர்க்கழிவும் எளிதில் அகலாது.

தென்கிழக்காக ஓடும் ஆறு காசியில் வளைந்து வடக்கு நோக்கிச் செல்கிறது. ஆற்று வளைவின் வெளிக்கரையை நீர் அரிக்கும், உட்கரையில் மணலைச் சேர்க்கும். காசி வெளிக்கரையில் உள்ளது. ஆனால் அங்கே கெட்டியான களிமண் மேடு இருப்பதால் அரிப்பைத் தாங்குகிறது. அதன்மேல் படித்துறைகள் எழுந்தன. எதிர்க்கரை வெறும் மணல்திட்டு. படித்துறைகள் கிழக்கு நோக்குவதால் நீராடுகிறவர் எழும் சூரியனை நேரே காண்கிறார். இவ்வளவும் ஒரே இடத்தில் கூடிவருவது அரிது.

காசியிலிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. தொலைவில் சாரநாத். புத்தர் முதல் உரை நிகழ்த்திய இடம். அவர் ஞானம் பெற்ற புத்தகயா, நிரஞ்சனை ஆற்றங்கரையில். கீழே பல்கு என்ற பெயரில் கயா வழியாக அது ஓடுகிறது. கோடையில் மேலே மணல்தான் தெரியும். தோண்டினால் நீர் ஊறும். சீதை சபித்ததால் ஆறு மணலுக்குள் மறைந்தது என்பது மரபு. தடித்த மணற்படுகை நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பது நிலம். இந்த ஆற்றை இரு பத்தியிலும் மறக்காமல் எழுதுங்கள்.

ஆசிரியருக்கு: “ஆற்றில் குளித்தால் பாவம் போகுமா?” என்று யாராவது கேட்பார்கள். தட்டிக்கழிக்க வேண்டாம். தீவினையை ஆற்று நீர் கழுவாது, நடத்தையே கழுவும் என்று புத்தர் சொன்னதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. இறைவன் எங்கும் இருக்கிறான் என உணராதவர் கங்கையாடியும் காவிரியாடியும் பயனில்லை என்று அப்பர் பாடியிருக்கிறார். இரண்டு மரபுகளும் தமக்குள்ளேயே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன என்பதைச் சொல்லுங்கள்.

4. தெற்கே: மழை வகுத்த நாள்கள்

தலைக்காவிரியில் பிறக்கும் காவிரி ஏறத்தாழ 800 கி.மீ. ஓடுகிறது. ஆடி 18-இல் ஆடிப்பெருக்கு. அந்த மாதத்தில் தஞ்சையில் மழை குறைவு, ஆனாலும் ஆற்றில் புதுவெள்ளம் வரும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் குடகில் பெய்கிறது. அந்த நீர் கீழே வர விழா பிறக்கிறது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு, நீர் எப்போது வரும் என்பது அணை திறப்பையும் பொறுத்தது.

இலங்கையின் சிவனொளிபாத மலை 2,243 மீட்டர். உச்சியிலுள்ள பாதச்சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, இந்துக்களுக்குச் சிவனுடையது, இசுலாமியர் பலருக்கு ஆதமுடையது. யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை. வெசாக்குக்குப் பின் தென்மேற்குப் பருவமழை அந்தச் சரிவில் கொட்டும். படிகள் வழுக்கும், மேகம் மூடும்.

திருவண்ணாமலை வெறும் 814 மீட்டர். சுற்றிலும் சமவெளி என்பதால் தொலைவிலிருந்தே தெரியும். கிரிவலப் பாதை 14 கி.மீ. ஒரு மலை புனிதமாக மிக உயரமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

மேருவை மட்டும் வரைபடத்தில் குறிக்க வேண்டாம். இரு மரபுகளுக்கும் அது உலகின் நடு மலை, அட்சரேகை கிடையாது. கம்போடியாவின் அங்கோர் வாட் ஐந்து கோபுரங்களில் அதைத்தான் கல்லில் கட்டிக் காட்டுகிறது.

5. நம் பக்கம்

குனோங் ஜெராய் 1,217 மீட்டர். கடலோரச் சமவெளியில் தனித்து எழுவதால் வங்கக்கடலைக் கடந்து வந்த கப்பலோட்டிகளுக்கு அது அடையாளம். அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றங்கரை. காற்று மாறும்வரை கப்பல்கள் ஒதுங்கி நிற்க ஏற்ற இடம். அங்குதான் பூஜாங் பள்ளத்தாக்கின் இந்து, பௌத்தச் சின்னங்கள் கிடைத்தன. புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளம் ஓடைக்கு அருகிலேயே, ஜெராயின் சரிவில் உள்ளது. செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயரும் ஒரு தூபியின் உருவமும் உள்ளன. அது இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் படை கங்கை நீரைக் குடங்களில் கொண்டுவந்து சோழகங்கம் ஏரியில் சேர்த்தது. 1025-இல் அவன் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. அந்தக் கடாரம் இந்தக் கெடா.

பினாங்குத் தீவுக்குள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி பௌத்தக் கோயிலும் மலைச்சரிவில்தான். இரண்டுக்கும் அடியில் கருங்கல் குன்றுகள்.

6. வீட்டுப்பாடம் (அடுத்த வகுப்புக்குள்)

அ. கயிலை முதல் குனோங் ஜெராய் வரை உங்கள் தாளில் அளந்து, 1 செ.மீ.க்கு 222 கி.மீ. என்று கணக்கிடுங்கள். 3,500 கி.மீ.க்கு மேல் வரும். உண்மைத் தூரம் அதைவிடக் குறைவு. ஏன் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். (குறிப்பு: வடக்கே போகப் போக ஒரு தீர்க்கரேகைப் பாகையின் அகலத்துக்கு என்ன ஆகிறது?)

ஆ. தண்ணீர்மலைக்கோ கெக் லோக் சிக்கோ பெற்றோருடன் சென்று, அருகில் ஓடும் ஓடை எந்தத் திசையில் இறங்குகிறது என்று பார்த்து, படம் வரையுங்கள். கைப்பேசியின் திசைகாட்டியை இரும்புக் கைப்பிடிக்கு அருகில் வைக்காதீர்கள், முள் விலகும். மழை பெய்தால் ஓடைக்குள் இறங்கவே வேண்டாம். செங்குத்துச் சரிவில் நீர் சில நிமிடங்களில் உயர்ந்துவிடும்.

இ. நிலம், மரபு என்ற இரு பத்திகளிலும் குறைந்தது ஆறு வரிகள் இருக்க வேண்டும். மேருவை “நிலம்” பக்கத்தில் எழுதியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.