பொருள்: மூடிய கணக்குக்குப் போன ஜூலை சம்பளம், புதிய கணக்குக்கு மறுபடி அனுப்பக் கோரி (ஊழியர் எண் 20617)

சம்பளப் பிரிவு மேடத்துக்கு,

வணக்கம். நான் இரண்டாம் யூனிட் மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். ஜூலை சம்பளம் ரூ.27,846 எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஷிஃப்டில் மற்ற எல்லோருக்கும் 31ஆம் தேதி சாயங்காலமே மெசேஜ் வந்துவிட்டது. ஒருநாள் முன்னேபின்னே ஆகும் என்று இருந்துவிட்டேன். சனிக்கிழமை சம்பளச் சீட்டைத் திறந்தபோதுதான் புரிந்தது: அதில் 4417 என்று முடியும் பழைய கணக்குதான் இருக்கிறது. அந்தக் கணக்கை ஜூலை 18 அன்றே மூடிவிட்டேன்.

புதிய கணக்கு விவரத்தை ஜூலை 14 அன்று, கேன்சல் செய்த செக்கோடு, மனிதவளப் பிரிவில் நேரில் கொடுத்தேன். சீல் போட்ட நகல் இருக்கிறது. ஆனாலும் மாற்றம் ஏறிவிட்டதா என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழையதை மூடியது என் அவசரம்தான்.

இன்று காலை பழைய வங்கிக் கிளைக்குப் போனேன். மூடிய கணக்கில் வரவு வைக்க முடியாது. நெஃப்டில் வந்திருந்தால், அந்த பேட்ச் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பியவர் கணக்குக்கே திரும்பியிருக்க வேண்டும் என்றார்கள். யூடிஆர் எண் இல்லாமல் அதற்கு மேல் தேட முடியாதாம். அதனால் 31, 1 தேதிகளின் கம்பெனி ஸ்டேட்மென்டில் இந்தத் தொகை ரிட்டர்ன் ஆகி வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் யூடிஆர் எண்ணைக் கொடுங்கள், நானே மறுபடி கிளைக்குப் போய்க் கேட்கிறேன்.

பணம் திரும்பியிருந்தால், ஆகஸ்ட் சம்பளத்தோடு சேர்க்காமல் இப்போதே தனியாக அனுப்பிவிடுங்கள். 7ஆம் தேதி வண்டிக் கடன் தவணை புதிய கணக்கிலிருந்து பிடிப்பார்கள். பணம் இல்லாவிட்டால் பவுன்ஸ் சார்ஜ் வேறு விழும். வாடகைக்கு அண்ணனிடம் கைமாற்று வாங்கியாயிற்று. தவணைக்கும் அவரிடமே போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று, இதை அரியர் என்று போட்டுவிட வேண்டாம். ஜூலை சீட்டிலேயே பிஎஃப் பிடித்தாகிவிட்டது.

புதிய கணக்கு 8052 என்று முடியும். முழு எண்ணை இங்கே டைப் செய்யவில்லை. நெஃப்டில் எண்ணை வைத்துத்தான் வரவு வைக்கிறார்கள், பெயரைப் பார்ப்பதில்லை. ஓர் இலக்கம் மாறினாலும் பணம் வேறு யாருக்கோ போய்விடும், திரும்ப வாங்குவது பெரும்பாடு. இணைத்திருக்கும் செக்கைப் பார்த்தே எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் ஏற்றுங்கள். சிஸ்டத்தில் பழைய கணக்கை எடுத்துவிட்டதையும் ஒரு வரி எழுதித் தெரிவித்தால், ஆகஸ்ட் சம்பளத்துக்கு நான் பயப்படாமல் இருப்பேன்.

இந்த வாரம் முதல் ஷிஃப்ட். மதியம் 3 மணிக்கு மேல் போனில் கிடைப்பேன். கையெழுத்து ஏதாவது தேவை என்றால் நேரில் வருகிறேன்.

இணைப்பு: கணக்கு மூடியதற்கான வங்கிக் கடிதம், கேன்சல் செய்த செக், பாஸ்புக் முதல் பக்கம், ஜூலை 14 சீல் நகல், ஜூலை சம்பளச் சீட்டு.

இப்படிக்கு,
செ. முருகேசன்
மெஷின் ஷாப், யூனிட் 2
04.08.2025