சன்ஸ்கிரீன் பதிவு: எழுதும் முன் படிக்க

வணக்கம். ட்யூப் வந்து சேர்ந்திருக்கும். ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேப்ஷன் 5 வரிக்குள், உங்கள் வழக்கமான நடையிலேயே இருக்கட்டும். நாங்கள் எழுதித் தந்ததுபோல் இருந்தால் உங்களைப் பின்தொடர்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘கட்டண விளம்பரம்’ என்பது முதல் வரியிலேயே வரவேண்டும்.

கட்டாயம் சொல்ல வேண்டியவை: எஸ்.பி.எஃப். 50, வாசனை சேர்க்காதது, வெளியே கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்பு பூச வேண்டும், வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். கடைசியாகச் சொன்னது விற்பனைக்கு உதவாததுபோல் தோன்றும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

‘முழுப் பாதுகாப்பு’, ‘மருத்துவர்கள் பரிந்துரைப்பது’, ‘பக்கவிளைவே இல்லை’ ஆகியவை வேண்டாம். சருமம் வெளுக்கும் என்ற பேச்சே கூடாது. ஃபில்டர் போட்ட முகமும் வேண்டாம். பிசுபிசுப்பாக இருந்தால் அதையும் தாராளமாக எழுதலாம்.

வரைவை வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்புங்கள். ஒருமுறைதான் திருத்தம் கேட்போம்.