27-ஆம் கேள்வியில் போன ஒரு மார்க்

தம்பி,

காப்பர் சல்பேட் கரைசலில் 2 ஆம்பியர் மின்னோட்டத்தை 16 நிமிடம் 5 விநாடி செலுத்தினால் எத்தனை கிராம் காப்பர் படியும் என்ற கணக்கில் 3-க்கு 2 ஏன் என்று நேற்று முகம் வாடிக் கேட்டாய். காரைக்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நின்று சொல்ல முடியவில்லை. எழுதியே தருகிறேன்.

16 நிமிடம் 5 விநாடியை 965 விநாடியாக மாற்றியது சரி. அங்கேதான் பாதிப் பேர் சறுக்கினார்கள். 2 ஆம்பியரால் பெருக்கி 1930 கூலூம், அதை 96500-ஆல் வகுத்து 0.02 மோல். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. 2 மார்க் அதற்குத்தான்.

ஆனால் அந்த 0.02 எதன் மோல்? எலக்ட்ரானின் மோல். நீ அதைக் காப்பரின் மோலாக எடுத்து 63.5-ஆல் பெருக்கி 1.27 கிராம் என்று எழுதிவிட்டாய். எதிர்மின்வாயில் நடப்பது இது:

Cu²⁺ + 2e⁻ → Cu

ஓர் அணு படிய இரண்டு எலக்ட்ரான் வேண்டும். ஆகவே காப்பர் 0.01 மோல்தான், விடை 0.635 கிராம். இந்த ஒரு வரியை முதலில் எழுதியிருந்தால் 2 கண்ணில் பட்டிருக்கும். சூத்திரத்தை மட்டும் நம்பி இறங்காதே.

சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்ப்பக்கத்துப் பிள்ளை நீ, மின்வேதியியலில் நீ மார்க்கை இழப்பதைப் பார்க்க எனக்கு மனசே வரவில்லை.

இதே மின்னோட்டம், இதே நேரம்: சில்வர் நைட்ரேட் கரைசலுக்கும் உருகிய அலுமினியம் ஆக்சைடுக்கும் போட்டுப் பார். வெள்ளி 2.16 கிராம், அலுமினியம் 0.18 கிராம் வர வேண்டும். வராவிட்டால் நோட்டோடு சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வா.

டியூஷன் மிஸ்